பிறந்தது எங்கே, ஊர் எது, பூர்வீகம் எது?

கேள்வி: மறைந்த ஒரு தமிழறிஞரைப் பற்றிச் சிறிய வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறேன். ஒரு நூலில் அவர் பிறந்த ஊர் என்று ஒன்று இருக்கிறது, குடும்பத்தார் வேறு ஊரைச் சொல்கிறார்கள், பெயருக்கு முன்னால் உள்ள எழுத்து மூன்றாவதாக ஓர் ஊரைக் காட்டுகிறது. எதைப் பிறந்த ஊர் என்று போடுவது?

மூன்று தரப்பும் உண்மையைச் சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு. அவரவர் காதில் விழுந்த கேள்வி வேறாக இருந்திருக்கும், அவ்வளவுதான். நம்மிடம் யாராவது “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டால், எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தோம் என்று யாரும் யோசிப்பதில்லை. அப்பா வீடு எங்கே இருக்கிறது, நிலபுலன் எங்கே இருந்தது, பொங்கலுக்கு எங்கே போவோம் என்பதை வைத்துப் பதில் சொல்கிறோம். அந்தப் பதிலைக் கேட்டு எழுதியவர் “இன்னார் இன்ன ஊரில் பிறந்தார்” என்று எழுதிவிடுகிறார். தப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பிறந்த ஊர் என்பது பிரசவம் நடந்த இடம். அதற்கு ஒரு நாள் உண்டு, ஒரு வீடோ மருத்துவமனையோ உண்டு. சொந்த ஊர் என்பது அந்தக் குடும்பம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் ஊர். வழக்கமாக அப்பாவின் ஊர். பூர்வீகம் என்பது முன்னோர் இருந்த ஊர். இதில் எத்தனை தலைமுறை பின்னால் போகிறோம் என்பதற்குக் கணக்கே கிடையாது. தாத்தா விட்டு வந்த ஊரும் பூர்வீகம்தான், ஏழு தலைமுறைக்கு முன்னால் விட்டு வந்த ஊரும் பூர்வீகம்தான். அதனால் ஒருவர் “எங்கள் பூர்வீகம் இன்ன ஊர்” என்று சொன்னால் உடனே “யார் அங்கிருந்து கிளம்பி வந்தது?” என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆளின் பெயர் கிடைக்காவிட்டால் அது குடும்பத்தில் சொல்லிவரும் நினைவு மட்டுமே. அதைக் குறிப்பிலும் அப்படியே சொல்லலாம்.

இன்னொரு சிக்கலைத் தமிழே உண்டாக்குகிறது. பெண்களைப் பற்றிப் பேசும்போது “பிறந்தகம்”, “பிறந்த வீடு” என்கிறோம். அது அவர் பிறந்த கட்டடத்தைக் குறிக்காது, அவருடைய பெற்றோர் குடும்பத்தைக் குறிக்கும். ஒரு பாடகியைப் பற்றி அவர் மருமகள் “அத்தையோட பிறந்த ஊர் இன்னது” என்று சொன்னால், அத்தையின் அப்பா குடும்பம் அந்த ஊர் என்றுதான் பொருள் இருக்கும். அத்தை அங்கே பிறந்தாரா என்பது தனிக் கேள்வி. ஆண்களுக்கு “பிறந்து வளர்ந்த ஊர்” என்ற ஒரே மூச்சுச் சொற்றொடர் இதே வேலையைச் செய்கிறது. வளர்ந்தது மட்டும் உண்மையாக இருக்கும், பிறந்தது வேறெங்கோ இருக்கும்.

சரி, பிறந்த ஊரும் சொந்த ஊரும் ஏன் இவ்வளவு அடிக்கடி வேறுபடுகின்றன? முக்கியமான காரணம் நம் வீட்டு வழக்கம். தலைப் பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். குழந்தை அங்கே பிறக்கும், சில மாதம் கழித்து அப்பா ஊருக்கு வரும். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க அப்பா ஊர்க்காரன்தான். எனவே நீங்கள் எழுதும் ஆள் வீட்டில் மூத்த பிள்ளை என்றால், சான்று எதையும் பார்ப்பதற்கு முன்பே மனசில் ஒரு சந்தேகக் குறி போட்டுக்கொள்ளலாம்: அம்மாவின் பெற்றோர் அந்த ஆண்டில் எங்கே இருந்தார்கள்?

“அந்த ஆண்டில்” என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. கணித மேதை ராமானுஜனை எல்லோரும் கும்பகோணத்துக்காரர் என்று அறிவார்கள். அவர் வளர்ந்த வீடு அங்கே சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருக்கிறது, அவர் படித்த பள்ளியும் அந்த ஊரில்தான். ஆனால் 1887 டிசம்பர் 22 அன்று அவர் பிறந்தது ஈரோட்டில், தாய்வழித் தாத்தா வீட்டில். அந்தத் தாத்தா ஈரோட்டில் இருந்ததற்குக் காரணம் அங்கே நீதிமன்றத்தில் அவருக்கு வேலை. பின்னாளில் அவர் காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டார். ஆக “அம்மாவின் ஊர் எது?” என்று கேட்டு அதன் பதிலைப் பிறந்த ஊராகப் போட்டாலும் தவறிவிடலாம். தாய்வீடு என்பது அம்மாவின் பூர்வீக ஊராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அவள் அப்பா அப்போது உத்தியோகம் பார்த்த ஊராகவும் இருக்கலாம். தேட வேண்டியது, பிரசவம் நடந்த அந்த மாதத்தில் தாத்தா பாட்டி வீட்டு அடுப்பு எந்த ஊரில் எரிந்தது என்பதைத்தான்.

இரண்டாவது காரணம் அப்பாவின் வேலை. இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ல் லாகூரில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வே கணக்குத் துறையில் உத்தியோகம், குடும்பம் அங்கே இருந்தது. சந்திரசேகருக்கு முன்பே இரண்டு பெண் குழந்தைகள் பிறந்துவிட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். தலைப் பிரசவம் தாண்டிவிட்டால் தாய்வீட்டுக்குப் போக வேண்டிய கட்டாயம் குறைகிறது, அப்பா வேலை பார்க்கும் ஊரிலேயே பிரசவம் நடக்க வாய்ப்புக் கூடுகிறது. இது விதி கிடையாது, தேடலை எங்கே தொடங்கலாம் என்பதற்கான ஊகம்தான். மூத்தவர் என்றால் தாய்வீட்டில் தொடங்குங்கள், இளையவர் என்றால் அப்பாவின் பணியிட மாற்றப் பட்டியலில் தொடங்குங்கள்.

அப்புறம் பெயருக்கு முன்னால் வரும் எழுத்து. இதை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம், நானும் அதில் அடக்கம். ஊர் எழுத்து எதைக் காட்டுகிறது என்பதற்கு ஒரே பதில் இல்லை. திரு.வி.க.வை எடுத்துக்கொள்ளுங்கள். “திரு” என்பது திருவாரூர். அவர் திருவாரூரில் பிறக்கவில்லை. அது அவருடைய முன்னோரின் ஊர். 1883 ஆகஸ்ட் 26 அன்று அவர் பிறந்தது அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்ற கிராமத்தில். அந்த ஊரை இன்று தண்டலம் என்கிறார்கள். “வி” என்பது விருத்தாசலம். அப்பாடா, இதுவும் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள், அது அவர் அப்பா பெயர். கடலூர்ப் பக்கம் விருத்தாசலம் என்றே ஓர் ஊர் இருப்பதால், விவரம் தெரியாத ஒருவர் இந்தப் பெயரை விரித்தால் இரண்டு ஊர் கிடைக்கும். இரண்டிலும் அவர் பிறக்கவில்லை. உண்மையில் பிறந்த துள்ளத்துக்கு அவர் பெயரில் ஓர் எழுத்துகூட இடமில்லை.

தெலுங்குக் குடும்பங்களில் இதற்கு இன்னும் பழைய வடிவம் இருக்கிறது, வீட்டுப் பெயர் என்று. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பெயரில் உள்ள சர்வபள்ளி நெல்லூர் மாவட்டத்து ஊர். அவர் பிறந்த ஊராகப் பதிவாகியிருப்பது திருத்தணி. முன்னோர் ஓர் ஊரிலிருந்து கிளம்பினார்கள், ஊர்ப் பெயர் மட்டும் குடும்பத்தோடு சேர்ந்து நடந்து வந்தது. வீட்டுப் பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் என்பதால், அது பூர்வீகத்துக்கு நல்ல சான்று, பிறந்த ஊருக்குச் சான்றே அல்ல. தமிழ் முன்னெழுத்து அப்படி உறுதியானதும் இல்லை. ஒருவர் அப்பா ஊரைப் போடுவார், இன்னொருவர் தாத்தா ஊரைப் போடுவார், ஒரே வீட்டில் அண்ணன் ஊர் எழுத்தோடும் தம்பி அது இல்லாமலும் இருப்பார்கள்.

கர்நாடக இசைக்காரர்களின் ஊர்ப் பெயர் இன்னொரு வகை. அது வித்வானின் அடையாளம், கச்சேரி அழைப்பிதழில் அச்சாகும் பெயர். செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908-ல் பிறந்தது திருக்கோடிக்காவலில். அது வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயரின் ஊர். அவர் சீனிவாச ஐயருக்குத் தாய்மாமன். மறுபடியும் தாய்வீட்டுக் கதைதான். டி.கே. பட்டம்மாளின் “டி” தாமல் என்ற ஊரைக் குறிக்கும், அவர் பிறந்தது காஞ்சிபுரத்தில். இசைத் துறையில் ஊர்ப் பெயரைக் கண்டால் அதைப் பட்டத்தைப் போல நினைத்துக்கொள்வது நல்லது.

இப்போது ஒரு பெயரை எடுத்து முழுசாக நடந்து பார்க்கலாம். உ.வே. சாமிநாதையர். ஊர் உத்தமதானபுரம் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். “உ” அந்த ஊர், “வே” அப்பா வேங்கடசுப்பையர். உத்தமதானபுரத்தில் அவருக்கு அரசு நினைவு இல்லம் இருக்கிறது. இவ்வளவையும் பார்த்துவிட்டு “1855 பிப்ரவரி 19 அன்று உத்தமதானபுரத்தில் பிறந்தார்” என்று எழுதிய குறிப்புகள் ஏராளம்.

இந்த மூன்று சான்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, “நீ பிரசவத்தைப் பார்த்தாயா?” என்று கேட்டுப் பாருங்கள். முன்னெழுத்து பார்க்கவில்லை, அது தந்தை வழி ஊரைச் சொல்கிறது. நினைவு இல்லம் பார்க்கவில்லை. நினைவு இல்லங்கள் குடும்ப வீடு இருந்த இடத்தில் எழும், பிரசவம் நடந்த அறையைத் தேடிப் போய் எழுவதில்லை. ஊர்ப் பெருமையும் பார்க்கவில்லை. மூன்றும் சேர்ந்து ஒரே ஊரைச் சொல்வதால் மூன்று மடங்கு பலம் வந்ததுபோல் தோன்றும். ஆனால் மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: இது அவருடைய சொந்த ஊர். அதில் யாருக்கும் தகராறு இல்லை.

அடுத்து, பிறப்பைப் பற்றி நேராகப் பேசும் சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிறது. அவரே எழுதிய “என் சரித்திரம்”. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1950-ல் நூலானது. அந்த நூலைத் திறந்தால் முதல் அத்தியாயமே “எங்கள் ஊர்”, உத்தமதானபுரத்தைப் பற்றி. அதற்கு அந்தப் பெயர் வந்த கதை, அந்த ஊரின் பழைய வாழ்க்கை என்று விரிகிறது. அவசரக்காரர் இங்கேயே புத்தகத்தை மூடிவிட்டு “பிறந்த ஊர் உத்தமதானபுரம்” என்று குறித்துக்கொள்வார். தலைப்பைக் கவனியுங்கள், “நான் பிறந்த ஊர்” என்று அவர் வைக்கவில்லை. முன்னோர், பாட்டனார், தாய்வழித் தாத்தா, அப்பா என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, தம் பிறப்புக்கு வரும்போது இடம் மாறுகிறது. அவர் பிறந்தது சூரியமூலையில், தாய் சரஸ்வதி அம்மாளின் தந்தை கிருஷ்ண சாஸ்திரிகள் இருந்த ஊரில். கும்பகோணத்துக்குக் கிழக்கே கஞ்சனூர்ப் பக்கத்துச் சிற்றூர் அது. அவர் மூத்த பிள்ளை. வழக்கம் என்ன சொல்கிறதோ அதுவே நடந்திருக்கிறது.

ஒருவர் தம் பிறப்புக்குத் தாமே சாட்சி ஆக முடியாதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் அதை அம்மா, பாட்டி வாயிலாகக் கேட்டிருப்பார், அவர்கள் சாட்சிகள். அதைவிட முக்கியம், இந்தச் சாட்சியம் எந்தத் திசையில் சாய்கிறது என்பது. பெயரிலேயே உத்தமதானபுரத்தைச் சுமந்தவர், அந்த ஊரைப் பற்றி ஆசையோடு ஒரு முழு அத்தியாயம் எழுதியவர், பிறந்தது மட்டும் வேறொரு சிற்றூரில் என்று சொல்கிறார். அப்படிச் சொல்வதால் அவருக்கு ஆதாயம் ஒன்றும் இல்லை. இழுப்புக்கு எதிராக வரும் சாட்சியத்துக்கு எடை அதிகம்.

இது உ.வே.சா.வே தம் வேலையில் தினமும் பார்த்த விஷயம். ஏடு பெயர்த்து எழுதுபவர் தெரியாத சொல் வந்தால் அதைத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடுவார். தெரிந்த சொல்லை யாரும் தெரியாத சொல்லாக மாற்றுவதில்லை. ஆகவே ஒரே வரி இரண்டு ஏடுகளில் இரண்டு விதமாக இருந்தால், அரிதான பாடத்துக்கு ஒரு படி மதிப்பு அதிகம். ஊர் விஷயமும் அப்படித்தான். சூரியமூலை என்று எழுதியிருந்ததை ஒருவர் உத்தமதானபுரம் என்று “திருத்தி”யிருக்க முடியும். உத்தமதானபுரம் என்று இருந்ததை எவரும் சூரியமூலை என்று மாற்ற ஒரு காரணமும் தோன்றவில்லை. உங்கள் தமிழறிஞர் விஷயத்திலும் மூன்று ஊர்களில் எது பெயர் தெரியாத ஊரோ, எதற்கு அவர் வாழ்க்கையில் பிற்பாடு எந்த வேலையும் இல்லையோ, அதை முதலில் விசாரியுங்கள். அது எங்கிருந்து குறிப்புக்குள் வந்தது என்று கண்டுபிடித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தச் சிறிய ஊர்க்காரர்களே விழா எடுத்து, “இவர் எங்கள் மண்ணில் பிறந்தவர்” என்று கல்வெட்டு வைத்த பிறகு வந்த செய்தி என்றால் அந்த எடை போய்விடும். அப்போது ஆதாயம் வேறு பக்கம் இருக்கிறது. கல்வெட்டின் தேதியையும் அந்தச் செய்தி முதன்முதலில் அச்சான தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது முந்தியது என்று தெரியும்.

சரி, தன்வரலாறு எழுதாதவர்களுக்கு என்ன செய்வது? 1855-ல் பிறந்தவருக்குப் பதிவேடு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் பிறந்தவர் என்றால் முயற்சி செய்யலாம். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899-லேயே ஒரு சட்டம் வந்தது, இப்போது நடைமுறையில் இருப்பது 1969-ம் ஆண்டின் மத்தியச் சட்டம். இதில் உங்களுக்கு வேண்டிய ஒரே செய்தி, பிறப்பு எங்கே நடந்ததோ அந்த எல்லைக்குரிய பதிவாளரிடம்தான் பதிவாகும் என்பது. பெற்றோர் எங்கே குடியிருந்தார்கள் என்பது கணக்கில்லை. பலர் சொந்த ஊர்ப் பதிவேட்டில் தேடி, இல்லை என்றதும் “பதிவே செய்யவில்லை போல” என்று விட்டுவிடுகிறார்கள். அம்மாவின் ஊரில் போய்த் தேடியிருக்க வேண்டும்.

தேடும்போது ஆளின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். பழைய பதிவுகளில் பெரும்பாலும் குழந்தைக்குப் பெயர் இருக்காது. பெயர் சூட்டும் முன்பே பதிந்திருப்பார்கள். “ஆண் குழந்தை”, அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, அவ்வளவுதான். அப்பா பெயரையும் தேதியையும் வைத்துத் தேடுங்கள், தேதிக்கு முன்னும் பின்னும் சில வாரம் தள்ளிப் பாருங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டியோ குறைத்தோ சொன்ன காலம் அது. பள்ளித் தேதியும் பதிவேட்டுத் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் மிரள வேண்டாம்.

இப்போது வழங்கும் பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பார்த்தால் நம் பிரச்சினைக்கு அரசாங்கமே கட்டம் கட்டி வைத்திருப்பது தெரியும். பிறந்த இடம் என்று ஒரு வரி. குழந்தை பிறந்தபோது பெற்றோர் இருந்த முகவரி என்று இன்னொரு வரி. பெற்றோரின் நிரந்தர முகவரி என்று மூன்றாவது வரி. மூன்றிலும் மூன்று ஊர் இருந்தால் அதில் அதிசயம் இல்லை. பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு இது சாதாரணம். கிராமத்தில் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பிறந்த இடமாகப் பக்கத்து நகரத்து அரசு மருத்துவமனை இருக்கும். அந்த நகரத்தோடு அவருக்கு நான்கு நாள் உறவுதான். ஆனாலும் பிறந்த ஊர் என்ற இடத்தில் போட வேண்டியது அதைத்தான். எனக்கும் இதே கதை. நான் பிறந்த நகரத்தின் பேருந்து நிலையத்தைத் தவிர அங்கே எனக்கு ஒன்றும் தெரியாது.

ஜாதகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய குடும்பங்களில் இருக்கும் ஒரே எழுத்துச் சான்று பல சமயம் அதுதான். பிறந்த நாள், நட்சத்திரம், நாழிகை எல்லாம் குழந்தை பிறந்த உடனே குறித்தவை என்பதால் தேதிக்கு அது பள்ளிச் சான்றைவிட நம்பகமானது. ஊர்ப் பெயரும் எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். எழுதாமல் விட்டிருந்தால், நாழிகையையும் லக்னத்தையும் வைத்து ஊரைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். கும்பகோணத்துக்கும் ஈரோட்டுக்கும் சூரியோதயத்தில் வரும் வித்தியாசம் ஏழு நிமிடத்துக்குப் பக்கத்தில்தான். ஒரு நாழிகை 24 நிமிடம். நள்ளிரவில் பிரசவ அறை வாசலில் நின்று நேரம் குறித்தவர் கால் நாழிகை முன்னே பின்னே குறித்திருப்பார். இவ்வளவு தூரமுள்ள ஊர்களுக்கே இந்தக் கதி என்றால், கும்பகோணத்துக்கு மேற்கே உள்ள உத்தமதானபுரத்தையும் கிழக்கே உள்ள சூரியமூலையையும் ஜாதகத்தால் பிரிக்கவே முடியாது. ஜாதகத்தை வேறு விதத்தில் பயன்படுத்துங்கள்: அதைக் குறித்த ஜோசியர் எந்த ஊர்க்காரர் என்று விசாரியுங்கள். அவர் அம்மா ஊர் ஜோசியர் என்றால் அது ஒரு நல்ல துப்பு.

பூர்வீகத்துக்குத் துப்பு வேறிடத்தில் கிடைக்கும். குலதெய்வம் எந்த ஊரில் என்று கேளுங்கள். ஊரை விட்டு மூன்று நான்கு தலைமுறை ஆன குடும்பங்கள்கூட முடி இறக்கவும் காது குத்தவும் அங்கே போய்வரும். அந்த ஊருக்கும் பெயரின் முன்னெழுத்துக்கும் பொருத்தம் இருந்தால் பூர்வீகம் ஏறக்குறைய உறுதி. பொருத்தம் இல்லை என்றால் முன்னோர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இடம் பெயர்ந்திருக்கலாம், எழுத்து நடுவில் தங்கிய ஊரைக் காட்டுகிறது என்று யோசியுங்கள்.

குடும்பத்தாரிடம் பேசும்போது கேள்வியை மாற்றிக் கேளுங்கள். “அவர் எங்கே பிறந்தார்?” என்று கேட்டால் சொந்த ஊர்தான் பதிலாக வரும். “அவர் பிறந்தபோது அவங்க அம்மா எங்கே இருந்தாங்க? பிரசவம் யார் பார்த்தது? தாத்தா அப்போ எங்கே வேலையில இருந்தார்?” என்று கேட்டால் வயதான பெண்கள் சட்டென்று வேறு பதில் சொல்வார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். பிரசவம் அவர்கள் உலகத்தில் நடந்த காரியம். ஒருமுறை ஒரு குடும்பத்தில் மூன்று பேரன்கள் ஒரே குரலில் ஓர் ஊரைச் சொன்னார்கள், உள்ளே கட்டிலில் படுத்திருந்த பாட்டி “அங்கே எங்கடா, எங்க அம்மா வீட்டு ரேழியில இல்ல பிறந்தான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நூல்களை எண்ணிக்கையால் எடை போடுவதையும் விட்டுவிடுங்கள். பத்து நூலில் ஓர் ஊர், ஒரு நூலில் வேறு ஊர் என்றால் பத்துக்கு ஒன்று என்று தீர்ப்பு ஆகாது. பத்தும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையாக இருக்கும். ஒரே வாக்கிய அமைப்பு, ஒரே எழுத்துப் பிழை, ஒரே தவறான தேதி என்று தடயம் விட்டிருக்கும். அவற்றில் மிகப் பழையது எது என்று பாருங்கள், அதன் ஆசிரியர் அந்த ஆளை நேரில் அறிந்தவரா என்று பாருங்கள். மற்ற ஒன்பதையும் ஓரமாக வைக்கலாம்.

இரண்டு ஊர்ச் சண்டை என்று நினைப்பது சில சமயம் ஒரே ஊராகவும் முடியும். ஊர்ப் பெயர் மாறியிருக்கும், துள்ளம் தண்டலம் ஆனதுபோல. அல்லது ஒருவர் குக்கிராமத்தைச் சொல்வார், இன்னொருவர் பக்கத்துப் பெரிய ஊரைச் சொல்வார். மாவட்டமும் இப்படித்தான். ராதாகிருஷ்ணன் பிறந்த 1888-ல் திருத்தணி வட ஆற்காடு மாவட்டம், பிறகு சித்தூர் மாவட்டம், 1960-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது, இன்று திருவள்ளூர் மாவட்டம். உத்தமதானபுரமும் சூரியமூலையும் 1855-ல் ஒரே தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தன, இன்று ஒன்று திருவாரூர் மாவட்டத்தில், மற்றது தஞ்சாவூர் மாவட்டத்தில். எழுதும்போது அன்றைய மாவட்டத்தைப் போட்டு, இன்றைய மாவட்டத்தைப் பக்கத்தில் சொல்லிவிட்டால் வாசகர் குழம்பமாட்டார்.

கடைசியாக, எப்படி எழுதுவது. ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து மற்ற இரண்டையும் தூக்கி எறிய வேண்டிய தேவையே இல்லை. மூன்றுக்கும் வெவ்வேறு வினைச்சொல் கொடுத்தால் போதும். “திரு.வி.க. செங்கற்பட்டு மாவட்டம் துள்ளத்தில் பிறந்தார். முன்னோர் திருவாரூரைச் சேர்ந்தவர்கள், பெயரின் முதல் எழுத்து அதைக் குறிக்கும்.” “உ.வே.சா. தாய்வழித் தாத்தாவின் ஊரான சூரியமூலையில் பிறந்தார்; தந்தையின் ஊர் உத்தமதானபுரம்.” பிறந்தார் என்ற சொல்லைப் பிரசவம் நடந்த இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். “ஊரைச் சேர்ந்தவர்” என்பதைச் சொந்த ஊருக்கு, “முன்னோர் ஊர்” என்பதைப் பூர்வீகத்துக்கு. “இன்ன ஊரில் இன்ன குடும்பத்தில் பிறந்தார்” என்ற வழக்கமான வாக்கியத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். குடும்பத்தின் ஊரையும் பிரசவத்தின் ஊரையும் ஒட்டவைத்துவிடுவது அந்த வாக்கியம்தான்.

எவ்வளவு தேடியும் பிரசவம் நடந்த இடத்துக்கு நேரான சான்று கிடைக்கவில்லை என்றால், பிறந்த ஊர் என்ற இடத்தைக் காலியாக விட்டு “இன்ன ஊரைச் சேர்ந்தவர்” என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் ஆள் விஷயத்தில் முதலில் அவர் மூத்த பிள்ளையா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், அந்த நூல் சொல்லும் ஊரில் அவர் அம்மாவின் பெற்றோர் அந்த ஆண்டில் இருந்தார்களா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.